உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

(சித்தூரில் மாலை நேரக் கல்வி மையம் ஒன்றில் பேசியது)



இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவுடன் கேட்பார்களே, அந்தக் கேள்வி. நம் பக்கத்தில் தெலுங்கில் கேட்பார்கள். "மீ குரிஞ்சி செப்பண்டி" என்பார்கள். சில இடங்களில் இங்கிலீஷில் கேட்பார்கள். "டெல் மீ அபவுட் யுவர்செல்ப்" என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா? ஆனால் பலர் தடுமாறுவது இங்கேதான்.

இது எனக்கு எப்படித் தெரியும்? நான் பல ஆண்டுகள் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவன். நேர்முகத் தேர்வு நடக்கும் நாளில் பெயர் கூப்பிடுவது என் வேலை. உள்ளே அழைத்துப் போய் உட்கார வைப்பேன். விண்ணப்பத்தை அதிகாரியின் கையில் கொடுப்பேன். ஓரமாக நிற்பேன். ஒரு நாளைக்கு முப்பது பேர், நாற்பது பேர் வருவார்கள். எல்லோர் பதிலும் என் காதில் விழும். அதிகாரியின் முகமும் என் கண்ணில் படும்.

சென்ற ஆண்டு இந்த மையத்தில் படித்த ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அக்கா என்றே சொல்லலாம்.

அக்கா பிறந்த ஊர் குடிபாலா பக்கம். வேலூர் போகும் வழி. வீட்டில் தமிழ். வாழ்க்கைப்பட்ட ஊர் சந்திரகிரி பக்கம். அங்கே தெலுங்கு. கோடைக்காலத்தில் அம்மா வீட்டுக்கு வருவார். சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் இருக்கின்றன அல்லவா? நாம் ஜூஸ் பாக்டரி என்போமே, அவற்றில் ஒன்றில் வேலை செய்வார். தோத்தாபுரிப் பழம் வரும் மாதங்களில்தான் அங்கே நிறைய ஆள் வேண்டும். பழம் முடிந்தால் வேலையும் முடியும். அக்காவுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் வேண்டும். அதனால் திருப்பதிப் பக்கம் ஓர் உணவுப் பொருள் தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போட்டார். கூப்பிட்டார்கள். போனார். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

இங்கே வந்து என்னிடம் வருத்தப்பட்டார். நான் கேட்டேன்: "அக்கா, அங்கே என்ன சொன்னீர்களோ அதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள். ஒன்றும் மாற்ற வேண்டாம்."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். நான் தமிழில் எழுதினேன். இதுதான் அது.

"எம் பேரு பேப்பர்லயே இருக்குதுங்க. நான் பொறந்தது குடிபாலா பக்கம். எங்கப்பாவுக்கு நாங்க நாலு பொண்ணு, கடைசியா ஒரு தம்பி. தம்பியப் பாத்துக்க ஆளில்லேன்னு என்னை ரெண்டாவதோட நிறுத்திட்டாங்க. அப்புறம் சந்திரகிரி பக்கம் கட்டிக் குடுத்தாங்க. அது அப்போ சித்தூர் ஜில்லாங்க, இப்போ திருப்பதி ஜில்லா ஆயிடுச்சு. ஆதார்ல இன்னும் பழைய ஜில்லாதான் இருக்குது, அத மாத்தணும். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுனாரு. ரெண்டு வருஷம் முன்னாடி வண்டி கவுந்து கால் முறிஞ்சி போச்சு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சோம், நகையெல்லாம் அடகுக்குப் போச்சு. வெயில் காலத்துல மட்டும் அம்மா வீட்டுக்குப் போயி ஜூஸ் பாக்டரி வேலைக்குப் போவேன். மூணு சீசன் போனேன். அங்க சூப்பர்வைசர் சரியில்லீங்க, சும்மா கத்துவாரு. பெல்ட்டுல பழம் பொறுக்கற வேலை. எனக்குப் படிப்பு இல்லீங்க. எழுதப் படிக்க இப்பத்தான் ராத்திரி கிளாஸ்ல கத்துக்கிட்டேன். பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான், சின்னவ ஆறாவது. மாமியார் கூடத்தான் இருக்காங்க, வீட்ட அவங்க பாத்துக்குவாங்க. புதுசா வர்றவங்களுக்கு நான்தான் பொறுக்கச் சொல்லிக் குடுத்தேன். எந்த வேல குடுத்தாலும் செய்வேங்க. எப்படியாவது நீங்கதான் பாத்து ஒரு வழி பண்ணணும். போன சீசன்ல டிரம் நம்பர நோட்டுல எழுதற வேலகூடக் குடுத்தாங்க."

நடுநடுவே "அதுவந்துங்க", "அப்புறம்" என்று இழுத்ததை நான் எழுதவில்லை. அதையும் சேர்த்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

இதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மை. பிறகு என்ன குறை?

அக்காவிடம் கேட்டேன்: "நீங்கள் பேசி முடித்ததும் அந்த அதிகாரி உங்களை என்ன கேட்டார்?"

அக்கா சொன்னார்: "வீட்டுக்காரர் இப்போ நடக்கிறாரான்னு கேட்டார். அடிக்கடி லீவு எடுப்பீங்களான்னு கேட்டார். அவ்வளவுதான்."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அதிகாரி ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்? நம் வாழ்க்கையை முழுதாகத் தெரிந்துகொள்ள அல்ல. அடுத்து எதைக் கேட்கலாம் என்று அவருக்கு ஒரு பிடி வேண்டும். நாம் சொல்வதில் எது அவர் மனதில் நிற்கிறதோ, அதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். அக்காவின் பேச்சில் கால் முறிந்ததுதான் பெரிதாக நின்றது. அதனால் கேள்வியும் அதைப் பற்றியே வந்தது. மூன்று சீசன் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அந்த வேலைதான் அக்காவிடம் இருந்த சொத்து.

சரி, என்ன செய்தோம்? எழுதிய தாளை அக்காவிடமே கொடுத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று திருப்பி எழுதச் சொன்னேன். அதற்கே ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. எண்ணிப் பார்த்தோம். 22 வரிகள் இருந்தன.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போடச் சொன்னேன். வேலையைப் பற்றிய வரி என்றால் 'வே'. வீட்டைப் பற்றிய வரி என்றால் 'வீ'. குறை சொல்வது, குறைத்துக்கொள்வது, கெஞ்சுவது என்றால் 'கு'.

அக்கா போட்டுக்கொண்டே வந்தார். முதல் வரி வீ. இரண்டாவது வீ. மூன்றாவது வீ. பத்தாவது வரி வரை வீ, வீ, வீ என்றே வந்தது. பதினோராவது வரியில்தான் முதல் 'வே' வந்தது. அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அந்த ஆள் பத்து வரி காத்திருந்தாரா?" என்று கேட்டார். பேசும்போது இது நமக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

16ஆம் வரியில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. "எழுதப் படிக்க இப்பத்தான் கத்துக்கிட்டேன்" என்ற வரி. அக்கா அதற்குக் 'கு' போட்டார். அவருக்கு அது வெட்கம். நான் 'வே' என்றேன். கடைசி வரியைப் பாருங்கள் என்றேன். டிரம் எண்ணை நோட்டில் எழுதியது யார்? எழுதத் தெரிந்ததால்தானே அந்த வேலை கிடைத்தது?

அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூழைப் பையில் அடைத்து டிரம்மில் வைப்பார்கள். ஒரு டிரம்மில் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு டிரம்முக்கும் எண் உண்டு. எந்த நேரத்தில் அடைத்தது என்ற கணக்கும் உண்டு. பின்னால் ஒரு டிரம்மில் கோளாறு என்றால், அந்த நோட்டைப் பார்த்துத்தான் அதோடு சேர்ந்தவற்றைத் தேடுவார்கள். ஒரு எண் தப்பினால் தேடுவது கஷ்டம். அதனால் நம்பிக்கையான ஆளிடம்தான் அந்த நோட்டைக் கொடுப்பார்கள். அக்கா இதைக் கடைசியில், எழுந்திருக்கும் நேரத்தில் சொல்லியிருக்கிறார். அதற்குள் அதிகாரி அடுத்த விண்ணப்பத்தை எடுத்திருப்பார். நான் நின்று பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். கண் தாளுக்குப் போய்விட்டால் காதும் போய்விடும்.

16ஆம் வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தோம். வீ 12. வே 6. கு 4.

முதலில் 'கு' வரிகளை அடித்தோம். பழைய சூப்பர்வைசர் கத்துவார் என்ற வரி போயிற்று. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? நாளைக்கு நம்மைப் பற்றியும் வெளியே இப்படிச் சொல்வார் என்று நினைப்பார். படிப்பு இல்லை என்ற வரி போயிற்று. எத்தனையாவது படித்தோம் என்பது விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அதை நாம் வேறு சொல்லிக் காட்ட வேண்டாம். "நீங்கதான் ஒரு வழி பண்ணணும்" என்பதும் போயிற்று.

"எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்ற வரியை அடிக்க அக்காவுக்கு மனமில்லை. நல்ல வார்த்தைதானே என்றார். கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு வந்த முப்பது பேரும் அதையே சொல்லியிருப்பார்கள். அதில் அக்கா யார் என்று அடையாளம் தெரியாது.

பிறகு 'வீ' வரிகள். பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் விண்ணப்பத்தில் உண்டு. சந்திரகிரி 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அந்தக் கதை நேர்முகத் தேர்வுக்கு வேண்டாம். ஆதார் அட்டையில் பழைய மாவட்டம் இருந்தால், அதைத் தாள்களைச் சரிபார்க்கிறவர் கேட்கும்போது சொன்னால் போதும். பிள்ளைகளின் படிப்பும் போயிற்று.

கால் முறிந்த வரிக்கு வந்தோம். அதற்கடுத்து நகை அடகு வரி. அக்கா பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இதையும் வெட்டிட்டா அப்புறம் நான் யாரு? அந்த ரெண்டு வருஷம் நான் பட்டது ஒண்ணுமில்லையா?"

எனக்கும் உடனே பதில் வரவில்லை. அக்கா சொன்னது நியாயம். பட்ட கஷ்டத்தைத் தாளில் அடிக்கும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். நான் இப்படிச் சொன்னேன்: "அக்கா, இது உங்கள் வாழ்க்கையில் பெரியது. அதை உங்கள் அக்கா தங்கைகளிடம் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் உங்களைப் பார்த்தவர். அவரிடம் அதைக் கொடுத்தால், அவர் அதை லீவுக் கணக்காகத்தான் பார்ப்பார்."

ஆனால் முழுதாக மறைக்கவும் கூடாது. சீசன் போக மற்ற மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு ஒரு வரி வேண்டும். கால் முறிந்தது, பார்த்துக்கொண்டேன், இப்போது அவர் நடக்கிறார். மூன்றும் உண்மை. மூன்றாவதை அக்கா முதல் தடவை சொல்லவே இல்லை! அதைச் சொல்லியிருந்தால் அதிகாரி அந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். மாமியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்ற வரியையும் வைத்துக்கொண்டோம். ஷிப்டுக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

மிஞ்சிய வரிகளை எந்த வரிசையில் வைப்பது? மூன்று கேள்விகளை வைத்து அடுக்கினோம். எனக்கு என்ன வேலை தெரியும்? அது தெரியும் என்பதற்கு என்ன அடையாளம்? ஏன் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன்? வேலைதான் முதலில். வீடு கடைசியில், ஒன்றிரண்டு வரி.

ஒரு வரியில் மட்டும் கூடக் கொஞ்சம் சேர்த்தோம். "பழம் பொறுக்கற வேலை" என்றால் வெளியாளுக்கு என்ன தெரியும்? கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குவது என்றுகூட நினைக்கலாம். ஓடும் பெல்ட்டில் எதை எடுக்க வேண்டும் என்று சொன்னால்தான் அது கண்ணும் கையும் சேர்ந்த வேலை என்று புரியும். ஆகவே சுருக்குவது என்றால் எல்லாவற்றையும் வெட்டுவது அல்ல. வேண்டாததை வெட்டினால், வேண்டியதை விளக்க இடம் கிடைக்கும்.

அக்காவின் புதிய பதில் இப்படி வந்தது.

"வணக்கம். நான் சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் மூன்று சீசன் வேலை செய்தேன். ஓடும் பெல்ட்டில் பழம் பிரிக்கும் வேலை. அழுகல், காய், கரும்புள்ளி இருந்தால் எடுத்துவிடுவேன். புதிதாக வந்தவர்களுக்கு நான்தான் அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். அதனால் போன சீசனில் டிரம் எண் எழுதும் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். மற்ற மாதங்களில் கால் முறிந்த வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் நடக்கிறார். வீட்டை மாமியார் பார்த்துக்கொள்கிறார். இங்கே ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. அதனால் வந்தேன்."

செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தோம். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகவில்லை.

அக்கா இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அது சரியாக வரவில்லை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். நடுவில் நான் "எந்த ஊர் பாக்டரி?" என்று கேட்டேன். அப்படியே நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து "வணக்கம்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம், அக்காவும்தான். அதன் பிறகு வாக்கியங்களை விட்டுவிட்டோம். உள்ளங்கை அளவு தாளில் ஐந்தே ஐந்து சொற்களை எழுதிக்கொண்டார். பெல்ட். புதியவர். நோட்டு. நடக்கிறார். ஆண்டு முழுவதும். இந்த ஐந்து சொற்களின் வரிசை மட்டும் நினைவில் இருந்தால் போதும். வாக்கியம் அந்தந்த நேரத்தில் வரும். நடுவில் யாராவது கேள்வி கேட்டாலும், பதில் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

தெலுங்கில் சொல்லவும் அதே தாள்தான். நம் பக்கத்துத் தமிழர்களுக்குத் தெலுங்கு வரும். பதற்றத்தில் சொல் மட்டும் மறந்துபோகும். பெல்ட், டிரம், நோட்டு, ஷிப்ட் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே? அவற்றைப் பிடித்துக்கொண்டு பேசலாம். ஒரு நாள் தமிழில், ஒரு நாள் தெலுங்கில் என்று பத்து நாள் பழகினார். கேட்பதற்கு அவர் மகளை உட்கார வைத்தோம். "எங்கே உனக்குக் கொட்டாவி வருகிறதோ அங்கே கை தூக்கு" என்று சொல்லி வைத்தோம். முதல் நாள் இரண்டு தடவை கை தூக்கினாள்.

நாலு மாதம் கழித்து வேறொரு தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். அதே கேள்வி. அக்கா சொல்லி முடித்தார். அதிகாரி அடுத்துக் கேட்டாராம்: "பழத்தில் கரும்புள்ளி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்?" அக்கா சொன்னார்: "சின்னதாக இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்புவோம். அமுக்கினால் உள்ளே மெத்தென்று போனால் முழுப் பழத்தையும் எடுத்துவிடுவோம்." பிறகு நோட்டில் என்னென்ன எழுதினீர்கள் என்று கேட்டாராம். ஒரு தாளைக் கொடுத்து எழுதியும் காட்டச் சொன்னாராம். லீவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அக்காவை எடுத்துக்கொண்டார்கள், முதலில் ஆறு மாதம் பார்ப்போம் என்று. பதிலை மாற்றியதால்தான் வேலை கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அங்கே காலியிடம் இருந்தது. முன்னால் போன இடத்தில் இருந்ததோ என்னவோ. காலியிடமே இல்லாத இடத்தில் எப்படிப் பேசினாலும் பயன் இல்லை. ஆனால் இந்தத் தடவை அக்காவிடம் அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றிக் கேட்டார்கள். தெரிந்ததைக் கேட்டால் யாருக்குத்தான் பதில் வராது?

"எனக்குத் தொழிற்சாலை வேலையே தெரியாதே, நான் என்ன சொல்வது?" என்று பின்னால் ஒரு அண்ணன் கேட்கிறார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் அண்ணா? பால் ஊற்றுகிறீர்களா? எத்தனை வீடு? கணக்கு யார் எழுதுகிறார்கள்? பார்த்தீர்களா, 'வே' போட வேண்டிய வரிகள் இப்போதே வந்துவிட்டன. காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்பதும் ஒரு 'வே' வரிதான். ஷிப்ட் வேலைக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எண்ணிக்கை சொல்லும்போது மட்டும் கவனம். நாற்பது வீடு என்றால் நாற்பது என்றே சொல்லுங்கள். எழுபது என்று சொன்னால், ஒரு வீட்டுக்கு எத்தனை லிட்டர், மொத்தம் எத்தனை என்று கேட்பார்கள். அங்கே கணக்கு இடிக்கும்.

சரி, நோட்டைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். திருத்தாமல், வாயில் வந்தபடியே எழுதுங்கள். பென்சில் இல்லாதவர்கள் மேசைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பால்கார அண்ணா, நீங்கள் என் பக்கத்தில் வாருங்கள். உங்களுக்கு நான் எழுதுகிறேன்.